நீண்ட நாள் ஐ.சி.யூ.வில் இருந்து இறந்தவரின் குடும்பத்துக்கு மருத்துவர் எழுதும் இரங்கல் கடிதம்: முழுமையான வழிகாட்டி

மூன்று நாள் ஐ.சி.யூ.வில் இருந்து இறந்தவரின் வீட்டுக்கு எழுதுவதும் ஆறேழு வாரம் இருந்து இறந்தவரின் வீட்டுக்கு எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவது குடும்பத்துக்கு நம்மை நன்றாகத் தெரியும். எந்த டாக்டர் எத்தனை மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார், எந்த சிஸ்டர் கேட்டால் பதில் சொல்வார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார் என்பதெல்லாம் அத்துப்படி. கிரியாட்டினின் எவ்வளவு என்று அவர்களே நம்மிடம் சொல்வார்கள். ஆனாலும் அந்த ஆறு வாரத்தில் அவர்கள் நோயாளியோடு இருந்தது காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். மீதி முழுவதும் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது. அவர் இரவில் விழித்திருந்தாரா, வலித்ததா, யாராவது பக்கத்தில் இருந்தார்களா என்பது அவர்களுக்குத் தெரியாது. நம் கடிதத்தால் கொடுக்க முடிந்த மிகப் பெரிய விஷயம் அந்தத் தெரியாத நேரத்தில் இருந்து ஒரு துண்டுதான். இந்த வழிகாட்டி முழுக்க அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எழுதுவது என்பதைச் சுற்றியே வரும்.

தொடங்குவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. பிரான்ஸில் 22 ஐ.சி.யூ.க்களில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. இறந்தவர்களின் உறவினர்களில் பாதிப் பேருக்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து மருத்துவர் கையால் எழுதிய கடிதம் போனது, மீதிப் பேருக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது கடிதம் கிடைத்தவர்களுக்குத் துக்கம் குறைந்திருக்கவில்லை. ஆறு மாதத்தில் மனச்சோர்வும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் அவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தன. அதே நாட்டில், கிட்டத்தட்ட அதே குழு பிறகு வேறு முறையைச் சோதித்தது: மரணத்துக்கு முன் குடும்பத்தோடு பேச்சு, கடைசி நேரத்தில் அறைக்குப் போய் நிற்பது, மரணத்துக்குப் பிறகு ஒரு சந்திப்பு. 2022 இல் வந்த அந்த ஆய்வில் நீடித்த துக்கம் உண்மையிலேயே குறைந்திருந்தது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: கடிதம் தனியாக நிற்கக் கூடாது. பழைய காயத்தைத் திறந்துவிட்டு, பேச ஆள் இல்லாமல் விட்டுவிட்டால் கெடுதல்தான். பின்னால் சந்திப்புக்கு நேரம் ஒதுக்க முடியாது என்றால் எழுதாமல் இருப்பது மேல்.

முதலில்: எழுதலாமா?

பெரும்பாலும் எழுதலாம், ஆனால் மூன்று இடங்களில் கொஞ்சம் நில்லுங்கள். போலீஸ் வழக்கு, பிரேதப் பரிசோதனை என்று போயிருந்தால் மரணக் காரணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். புகார் ஏற்கெனவே வந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள், அவருக்குத் தெரியாமல் வேண்டாம். சிகிச்சையில் நம் பக்கம் தவறு நடந்திருந்தால் கடிதம் அதைச் சொல்லும் இடமே இல்லை. அதை நேரில் உட்கார்ந்து, முதலில், முழுதாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அழகான இரங்கல் கடிதம் அனுப்பினால், பிறகு உண்மை தெரியவரும்போது அந்தக் கடிதமே ஏமாற்று வேலையாக ஆகிவிடும்.

சட்ட பயம் பற்றிக் கேட்பார்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2006 இல் வந்த சட்டத்தில், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. அதனால் காரணம், முடிவுகள் பற்றிய தர்க்கம் எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டோடு நிறுத்திக்கொண்டு, கடிதத்தில் மனிதர்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்பதால் எந்த நீதிமன்றத்திலும் யாரும் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. பயத்தில் எழுதிய கடிதம் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

யாருக்கு

கன்சென்ட் படிவத்தில் கையெழுத்து போட்டவருக்கு என்று தானாக எழுதிவிடாதீர்கள். நம் ஊரில் பில் கட்டுவது ஒருவர், கையெழுத்து போடுவது ஒருவர், வராண்டா பெஞ்சில் ஆறு வாரம் படுத்துக் கிடந்தது இன்னொருவர். கடிதம் மூன்றாமவருக்குப் போக வேண்டும். மற்றவர்களை உள்ளே பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் போதும். மூன்றாமவர் யார் என்று சந்தேகம் இருந்தால் வாசலில் உட்காரும் செக்யூரிட்டியைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.

இன்னொன்று, இந்தக் கடிதத்தை அவர் தானாகப் படிப்பார் என்று எண்ண வேண்டாம். பேரனோ மகளோ சத்தமாகப் படிக்க, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதனால் வாக்கியங்கள் வாயில் தடுக்காமல் வர வேண்டும். அந்த நான்கு பேருக்கும் தெரியக் கூடாத விஷயம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. குடிப்பழக்கம், எச்.ஐ.வி., மனநல மாத்திரை எல்லாம் கடிதத்துக்கு வெளியே. தமிழ் பேசும் குடும்பத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஆறு வாரம் தமிழில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் அச்சடித்து அனுப்பினால் ஆபீஸிலிருந்து வந்த கடிதமாகத்தான் தெரியும்.

எப்போது

இந்துக் குடும்பம் என்றால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போய்ச் சேரும்படி அனுப்புவேன். அதற்கு முன் வீடு நிறைய ஆட்கள், சாப்பாடு, ஐயரைக் கூப்பிடுவது, கணக்கு வழக்கு. அது முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் பஸ் ஏறின பிறகுதான் வீடு வெறிச்சோடும், கேள்விகளும் அப்போதுதான் வரும். மூன்றாம் நாளோடு முடித்துக்கொள்ளும் குடும்பங்களும் இப்போது நிறைய. அங்கேயும் மூன்றாவது வாரம் சரியாக இருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் மனைவி இத்தாவில் இருப்பார், நான்கு மாதம் பத்து நாள். கடிதம் போகலாம், ஆனால் "ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்" என்று எழுதினால் அவரால் வர முடியாது. அவருக்கு போனில் பேசும் வழியைச் சொல்லுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரம் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருஷப் பண்டிகை அந்த வீட்டில் ஏற்கெனவே பெரிய பாரம்.

எழுதும் முன் சேகரிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஆகும், இதில் அவசரப்படக் கூடாது. ஒரு கேஸை வைத்துச் சொல்கிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பத்தெட்டு வயது பஸ் டிரைவர். பித்தப்பைக் கல் நழுவிப்போய் அடைத்ததால் கணையத்தில் கடுமையான அழற்சி. முதல் வாரத்திலேயே வென்டிலேட்டர், அப்புறம் சிறுநீரகம் நின்று டயாலிசிஸ். இரண்டாவது வாரக் கடைசியில் தொண்டையில் துளையிட்டு டியூப் வைத்தோம், அதாவது டிரக்கியாஸ்டமி. அழுகிப்போன கணையப் பகுதியைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ள சுமார் நான்கு வாரம் காத்திருப்பது வழக்கம், அப்படிக் காத்திருந்து டியூப் போட்டுச் சீழை வடித்தோம். அப்புறம் நன்றாகத் தேறினார், நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறாவது வாரம் அந்த இடத்துக்குப் பக்கத்து ரத்தக் குழாய் அரித்து உள்ளே ரத்தம் கொட்டியது. குழாயை அடைத்து ரத்தத்தை நிறுத்தியும் தொற்று பரவி, ஓர் அதிகாலையில் இறந்தார். மனைவி பெரும்பாலும் வெளியே பெஞ்சில். மகன் கையெழுத்து போடுபவர்.

இந்தச் சுருக்கம் டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போதும். கடிதத்துக்கு இதில் ஒன்றுமே இல்லை. கடிதத்துக்கு வேண்டியதை மூன்று இடத்தில் தேடுங்கள்: இரவு டியூட்டி சிஸ்டர், பிசியோதெரபிஸ்ட், நர்சிங் குறிப்புகள். வார்டில் பெருக்கும் அக்காவையும் விட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி "அவர் எப்படிப்பட்டவர்" என்பது இல்லை, அதற்கு "நல்ல மனுஷன் டாக்டர்" என்றுதான் பதில் வரும். "வீட்டு ஆட்கள் இல்லாத நேரத்தில் அவர் என்ன செய்தார், என்ன கேட்டார்?" என்று கேளுங்கள்.

இந்த டிரைவர் விஷயத்தில் இரண்டு பதில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்னது: நாற்காலியில் உட்கார வைத்ததும் வலது காலால் தரையை அழுத்திப் பார்ப்பார், பெடல் மிதிக்கிற மாதிரி. இரவு சிஸ்டர் சொன்னது: தொண்டையில் டியூப் இருந்ததால் பேச முடியாது, பேடில்தான் எழுதுவார். ஓர் இரவு மழை. "வெளிய பெஞ்சுல இருக்காளா, போர்வை இருக்கா" என்று எழுதினார். சிஸ்டர் வெளியே வந்து பார்த்து ஒரு வார்டு போர்வையை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய் "கொடுத்துட்டேன்" என்றதும் கண்ணை மூடித் தூங்கினார். போர்வை யார் கேட்டு வந்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. சிஸ்டரின் நல்ல மனசு என்று நினைத்திருப்பார்.

பெடல் விஷயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மகன் அதை நேரிலேயே பார்த்திருக்கிறார். போர்வை அவர்களுக்குத் தெரியாதது, அதனால் அதைத்தான் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒரு சோதனை: இதைப் படித்ததும் "நான் அப்போது உள்ளே இருந்திருக்கணுமே" என்று தோன்றுமா? "உங்களைத் தேடினார்", "அழுதார்" போன்றவை அப்படிக் குத்தும், உண்மையாகவே இருந்தாலும் கடிதத்தில் வேண்டாம். போர்வையில் கேட்டதும் கிடைத்ததும் இரண்டும் இருக்கிறது, அவர் நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறார். குத்தாது. சிஸ்டரிடம் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் எழுதின சொல்லில் ஒன்றைக்கூட நாமாகச் சேர்க்கக் கூடாது, குடும்பம் இதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

குற்ற உணர்வு: தொடலாமா, கூடாதா

நீண்ட சிகிச்சையில் குடும்பத்தினர் நிறைய முடிவெடுத்திருப்பார்கள், இறந்த பிறகு அவை ஒவ்வொன்றும் திரும்பி வரும். இங்கே மகனுக்கு இரண்டு உறுத்தல். "வயித்து வலின்னு சொன்ன அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணுமோ" என்று ஒருநாள் வராண்டாவில் கேட்டார். "தொண்டையில ஓட்டை போட நான்தானே கையெழுத்து போட்டேன்" என்று கடைசி நாளில் சொன்னார்.

முதல் உறுத்தலைக் கடிதத்தில் தொடக் கூடாது. இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது" என்று எழுதுவது ஆறுதல் சொல்லவே சொன்ன பொய், நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு நம்மை நம்பவே மாட்டார். அதை நேரில் பேசலாம். இரண்டாவதைத் தொடலாம், தொட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அது தெளிவான விஷயம். டிரக்கியாஸ்டமி நாங்கள் சொன்ன யோசனை. வாய்வழி டியூப் எடுத்ததால்தான் மயக்க மருந்தைக் குறைக்க முடிந்தது, குறைத்ததால்தான் அவர் விழித்திருந்தார், அந்தப் போர்வை வரியை எழுதினார். மகன் போட்ட கையெழுத்தால்தான் அந்த இரவு கிடைத்தது. இந்த இரண்டும் இப்படிச் சேர்ந்தது அதிர்ஷ்டம், எல்லா கேஸிலும் சேராது. சேராவிட்டால் இழுத்து ஒட்ட வேண்டாம்.

விதி என்னவென்றால், குடும்பம் நம் காதுபட வாய்விட்டுச் சொன்ன உறுத்தலை மட்டும்தான் எடுக்க வேண்டும். அவர்களுக்குத் தோன்றாத ஒன்றை நாமே "இதற்காக வருத்தப்படாதீர்கள்" என்று எழுதினால், அன்றிலிருந்து வருத்தப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

கடிதம்

மேலே சொன்னதையெல்லாம் வைத்து எழுதினால் இப்படி வரும்:

> அன்புள்ள அம்மா,
>
> ஐ.சி.யூ.வில் உங்கள் கணவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் எழுதுகிறேன். அவர் இறந்தது எனக்கும் இரவு டியூட்டி சிஸ்டருக்கும் மிகவும் வருத்தமாக இருக்கிறது. நடுவில் அவர் நன்றாகத் தேறியதால் நாங்களும் வீட்டுக்குப் போவார் என்று நம்பினோம்.
>
> உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒரு மழை இரவில் சிஸ்டர் உங்களுக்குப் போர்வை கொண்டுவந்து கொடுத்தார், ஞாபகம் இருக்கலாம். அதைக் கேட்டது உங்கள் கணவர். "வெளிய பெஞ்சுல இருக்காளா, போர்வை இருக்கா" என்று பேடில் எழுதிக் காட்டினார். கொடுத்தாகிவிட்டது என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் தூங்கினார்.
>
> உங்கள் மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். தொண்டையில் டியூப் வைக்கலாம் என்றது நாங்கள். அதற்கு அவர் சம்மதித்ததால்தான் மயக்க மருந்தைக் குறைக்க முடிந்தது. அவர் அப்பா விழித்திருந்ததும் எழுதியதும் அதனால்தான்.
>
> தேறி வந்தவர் ஏன் திடீரென்று மோசமானார் என்ற கேள்வி உங்களுக்கு இருக்கும். வேறு கேள்விகளும் இருக்கலாம். நேரில் வந்தால் உட்கார்ந்து பேசலாம், வர முடியாவிட்டால் போனில் பேசலாம். கீழே இருக்கும் எண்ணில் செவ்வாய், வெள்ளி மதியம் 3 முதல் 5 மணி வரை நானே எடுப்பேன். எத்தனை மாதம் கழித்துக் கூப்பிட்டாலும் சரி. கூப்பிடாவிட்டாலும் தவறில்லை.
>
> இப்படிக்கு,

கீழே என் பெயர், பக்கத்தில் சிஸ்டரின் பெயரும் கையெழுத்தும். அவரிடம் படித்துக் காட்டி, அவர் சம்மதத்தோடு. போர்வை கொடுத்தவர் அவர், அவர் கையெழுத்து இல்லாமல் அது முழுமை ஆகாது.

சில விஷயங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். "எங்களால் முடிந்த எல்லா முயற்சியும் எடுத்தோம்" இல்லை. அது துக்கப்படுபவருக்குச் சொல்வதில்லை, நம்மைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது. "உங்கள் வேதனை புரிகிறது" இல்லை. "கடவுள் சித்தம்", "விதி" இல்லை. அவர்களே சொல்லிக்கொள்ளலாம், டாக்டர் சொன்னால் கைகழுவுகிற மாதிரி கேட்கும். "ஆழ்ந்த இரங்கல்", "அன்னாரது ஆன்மா சாந்தியடைய" எல்லாம் தெருமுனை போஸ்டரில் அவர்கள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. "நோயோடு போராடினார்" என்று எழுதினால் அடுத்த சொல் "தோற்றார்" என்று தானாக வரும். "கஷ்டப்படாமல் போனார்" என்பது உண்மையிலேயே அப்படி நடந்தால் மட்டும். இந்த கேஸில் கடைசி இரவு சுலபமாக இல்லை, அதனால் எழுதவில்லை. மருத்துவ விளக்கமும் இல்லை. ரத்தக் குழாய் அரித்ததைப் பற்றி நான்கு வரி எழுதலாம்தான், ஆனால் அது ஐந்து கேள்வியைக் கிளப்பும், பதில் சொல்ல நாம் அங்கே இருக்க மாட்டோம். கேள்வி இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என்பதை மட்டும் காட்டிவிட்டு, பதிலைச் சந்திப்புக்கு வைத்திருக்க வேண்டும்.

அனுப்பும் முன்

கையால் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் மட்டும் டைப் செய்து, விளிப்பையும் பெயரையும் கையால் போடுங்கள். ஒரு நகல் கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். ஒப்புகை அட்டை வைத்து அனுப்பாதீர்கள், கையெழுத்து கேட்டு வரும் கவரைப் பார்த்தாலே வக்கீல் நோட்டீஸ் என்று வீடு பதறும். சாதாரணத் தபால் போதும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பவே வேண்டாம், அன்று சாயங்காலமே சொந்தக்காரர் குரூப்பில் சுற்றும்.

பலரும் யோசிக்காத வேலை இதுதான்: தபாலில் போடுவதற்கு முன் பில்லிங் பிரிவுக்கும் கணினிப் பிரிவுக்கும் ஒரு போன். பாக்கி, ரீஃபண்ட், இன்சூரன்ஸ் விளக்கம் என்று ஏதாவது கடிதம் அதே வாரம் போகிறதா என்று கேளுங்கள். போகிறது என்றால் நம்முடையதைத் தள்ளிவையுங்கள். இறந்தவரின் நம்பருக்கு "உங்கள் டயாலிசிஸ் நாளை காலை 7 மணிக்கு", "எங்கள் சேவை எப்படி இருந்தது" என்று தானாகப் போகும் மெசேஜ்கள் நின்றுவிட்டனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் ஒரு பிரிவில் மரணத்தைப் பதிந்தால் இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. அந்த ஒரு மெசேஜ் போனால், அன்று காலை படித்த கடிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

அவர்கள் கூப்பிட்டால்

எழுதின நேரத்தில் போனை நாமே எடுக்க வேண்டும். ஆபரேட்டர் எடுத்து "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார்" என்றால் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டவர் உயிரை விடுவது பற்றிப் பேசினால் அன்றைக்கே வீட்டில் இன்னொருவரோடு பேசி, மனநல மருத்துவரிடம் ஏற்பாடு செய்யுங்கள். டெலி மானஸ் 14416 எண்ணையும் கொடுங்கள், அது தமிழிலும் உண்டு.

நேரில் வந்தால் ஐ.சி.யூ. இருக்கும் மாடியில் வேண்டாம். அந்த வராண்டா வாசனையே போதும் அவர்களைக் குலைக்க. வேறு மாடியில் ஓர் அறை, முக்கால் மணி நேரம், செல்போன் சைலண்டில், கேஸ் ஷீட் மேஜைமேல். சிஸ்டரும் இருந்தால் நல்லது. முதலில் அவர்களைப் பேசவிடுங்கள், "எதைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்னு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு. மகன் அந்த முதல் கேள்வியை இங்கே கட்டாயம் கேட்பார். "சீக்கிரம் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. கணையம் எவ்வளவு கெட்டுப்போகும்ங்கறது பெரும்பாலும் முதல் சில நாளிலேயே முடிவாயிடும், அதை நிறுத்த எங்ககிட்டயும் மருந்து இல்லை. வயித்து வலிக்கு ரெண்டு நாள் பார்க்கறது எல்லா வீட்டிலும் நடக்கறதுதான்" என்று சொல்லலாம், அது மூன்றுமே உண்மை. சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவர் அழுதால் அழட்டும், இடையில் பேசி நிரப்ப வேண்டாம்.

மருத்துவ ஆவணங்களின் நகல் கேட்டால் முகம் மாறாமல் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். 2002 ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், அது அவர்கள் உரிமை. கேட்கிறார்கள் என்பதற்காகவே வழக்குப் போடப் போகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலர் கேட்பது, ஊரில் தெரிந்த இன்னொரு டாக்டரிடம் காட்டி "எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்காங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளத்தான்.

பதிலே வராமலும் இருக்கலாம். அப்போது இரண்டாவது கடிதம் எழுதவோ போன் செய்து "கடிதம் கிடைச்சுதா" என்று கேட்கவோ வேண்டாம். அந்தச் செவ்வாய், வெள்ளி நேரத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள். மாற்ற வேண்டி வந்தாலோ வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தாலோ, அந்த எண்ணை அடுத்து எடுக்கப்போகும் டாக்டரிடம் இந்தக் குடும்பத்தைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.